வங்கி உங்களிடம் கடன் வாங்குகிறது

(வங்கிக் கிளைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)

பிள்ளைகளே, ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் அம்மா போன வாரம் வங்கியில் ஆயிரம் ரூபாய் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரம் ரூபாய் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது?

"வங்கியில்தான் சார், பெரிய இரும்புப் பெட்டிக்குள்ள."

பெரியவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வரும். ஆனால் அது சரியில்லை. அம்மா கொடுத்த இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளையும் கேஷியர் எண்ணி மேசை இழுப்பறையில் போட்டிருப்பார். அடுத்த பத்தாவது நிமிஷத்தில் பென்ஷன் எடுக்க வந்த ஒரு தாத்தாவின் கைக்கு அதே நோட்டுகள் போயிருக்கலாம். அவை இப்போது எந்த மளிகைக் கடையில் இருக்கின்றனவோ, யாருக்கும் தெரியாது.

சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு டோக்கன் வாங்கினால், சாயங்காலம் உங்கள் சைக்கிளேதான் திரும்பக் கிடைக்க வேண்டும். வேறு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தால் சண்டைக்குப் போவோம். வங்கி அப்படிப்பட்ட இடம் இல்லை. நீங்கள் கொடுத்த நோட்டு அப்போதே வங்கியின் சொத்தாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, "இவருக்கு நாங்கள் ஆயிரம் ரூபாய் தர வேண்டும்" என்று வங்கி தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. உங்கள் பாஸ்புக்கில் இருப்பு என்ற கட்டத்தில் அச்சாகும் எண்ணுக்கு அதுதான் பொருள். அது வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை.

அதாவது சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிற ஒவ்வொருவரும் வங்கிக்குக் கடன் கொடுக்கிறார். வட்டி ஏன் வருகிறது, பணத்தை எப்படிக் காப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

வங்கியில் லாக்கர் என்று ஒன்றும் உண்டு. அதில் நகையை வைத்தால் அதே நகை அங்கேயே இருக்கும். வங்கி அதைத் தொடாது. அதனால் லாக்கரில் வைத்த பொருளுக்கு வட்டி கிடையாது. நாம்தான் வங்கிக்கு ஆண்டு வாடகை கட்ட வேண்டும். இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தாலும் ஏற்பாடு வேறு வேறு.

வாங்கிய பணத்தை வங்கி என்ன செய்கிறது?

உங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான பேர் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போடுகிறார்கள். அதே ஊரில் வேறு சிலருக்குப் பணம் தேவைப்படுகிறது. ஒருவர் தையல் மெஷின் வாங்க வேண்டும், ஒருவர் வீடு கட்ட வேண்டும், ஓர் அக்கா நர்சிங் படிக்கக் கல்விக் கடன் கேட்கிறார். அந்த அக்காவுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கும் அவரைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உங்கள் ஆயிரம் ரூபாயை அவரை நம்பிக் கொடுத்திருப்பீர்களா? அவர் எப்போது திருப்பித் தருவார் என்று யார் விசாரிப்பது? அந்த விசாரிக்கிற வேலையையும், நம்புகிற வேலையையும், வசூலிக்கிற வேலையையும் வங்கி செய்கிறது.

ஆனால் வாங்கிய பணம் முழுவதையும் அது கடனாகக் கொடுத்துவிட முடியாது. நூறு ரூபாய் வைப்பாக வந்தால் அதில் 3 ரூபாயை ரிசர்வ் வங்கியில் கட்டி வைக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியிலிருந்து நடப்பில் உள்ள அளவு இது. இன்னொரு 18 ரூபாயைப் பெரும்பாலும் அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டு வைக்க வேண்டும், தேவைப்பட்டால் உடனே விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம் என்பதற்காக. மிச்சத்தில் கிளைகளிலும் ஏ.டி.எம்.களிலும் அன்றாடத் தேவைக்கு ரொக்கம் வைத்துக்கொண்டு, பெரும்பகுதியைக் கடனாகக் கொடுக்கிறது.

கடன் வாங்கியவர் நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 ரூபாய் வட்டி கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி சேமிப்புக் கணக்குக்கு இரண்டரை ரூபாய் தரலாம், ஓராண்டுக்கு எடுக்க மாட்டேன் என்று போட்டவருக்கு ஆறு ரூபாய் தரலாம். நடுவில் நிற்கிற தொகையிலிருந்துதான் ஊழியர் சம்பளம், கட்டட வாடகை, கம்ப்யூட்டர் செலவு எல்லாம். கடன் வாங்கிய சிலர் திருப்பிக் கட்டாமல் போவார்கள். அந்த நஷ்டத்தையும் இதிலேயே சரிக்கட்ட வேண்டும். மீதி நின்றால் அது லாபம்.

வட்டியைக் கையால் போட்டுப் பார்ப்போம்

கயல் என்று ஒரு மாணவி, வயது பதின்மூன்று. பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கித் தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. எவ்வளவு பணம் வரை என்பதை அந்தந்த வங்கி தீர்மானிக்கும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் கணக்கில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போக விடமாட்டார்கள், அதாவது அந்தக் கணக்கில் கடன் ஏறாது.

கயலுக்கு அத்தை ஆயிரம் ரூபாய் கொடுத்தார். ஏப்ரல் 1ஆம் தேதி நிலவரப்படி அது கயலின் கணக்கில் இருக்கிறது. மே 11ஆம் தேதி, தாத்தா கொடுத்த 2,000 ரூபாயையும் போட்டாள். இருப்பு 3,000. பள்ளி திறந்த பிறகு ஜூன் 10ஆம் தேதி பைக்கும் நோட்டுக்குமாக 1,500 எடுத்தாள். மீதி 1,500. ஜூன் 30 வரை அப்படியே இருந்தது. வட்டி ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்று மாதத்துக்கு எவ்வளவு வரும்?

ஒவ்வொரு நாளும் முடியும்போது கணக்கில் என்ன இருப்பு இருக்கிறதோ அதற்கு அன்றைக்கு வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா வங்கிகளிலும் இதுதான் முறை. நாள் நாளாகப் போட நேரமில்லை, எனவே ஒரே இருப்பு நின்ற நாட்களைச் சேர்த்துக்கொள்வோம்.

ஏப்ரல் 1 முதல் மே 10 வரை 40 நாள், இருப்பு ஆயிரம். நாற்பதை ஆயிரத்தால் பெருக்கினால் 40,000. மே 11 முதல் ஜூன் 9 வரை 30 நாள், இருப்பு மூவாயிரம். பெருக்கினால் 90,000. ஜூன் 10 முதல் 30 வரை 21 நாள், இருப்பு ஆயிரத்து ஐந்நூறு. பெருக்கினால் 31,500. மூன்றையும் கூட்டினால் 1,61,500. இதை இரண்டரையால் பெருக்கி, நூறால் வகுத்து, பிறகு 365ஆல் வகுக்க வேண்டும். விடை 11 ரூபாய் 6 பைசா. கயலின் பாஸ்புக்கில் 11 ரூபாய் ஏறும்.

"அவ்வளவுதானா சார்?"

அவ்வளவுதான் தம்பி. ஆனால் 2010க்கு முன்னால் இதுகூட வந்திருக்காது. அப்போது மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ அதற்கு மட்டும்தான் அந்த மாத வட்டி. கயல் தாத்தாவின் பணத்தைப் போட்டது 11ஆம் தேதி. எனவே மே மாதத்துக்கு ஆயிரத்துக்குத்தான் வட்டி. ஏப்ரலுக்கும் ஆயிரம். ஜூனுக்கு ஆயிரத்து ஐந்நூறு. போட்டுப் பார்த்தால் 7 ரூபாய் 29 பைசாதான் வரும். ஒருநாள் தாமதத்தால் மே மாதத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வட்டியே இல்லாமல் போயிருக்கும். உங்கள் தாத்தா பாட்டி "பத்தாம் தேதிக்குள்ள பேங்க்ல கட்டிடணும்" என்று அவசரப்பட்டதற்குக் காரணம் இதுதான். இன்றைக்கு அந்த அவசரம் தேவையில்லை.

வட்டியைப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் சேர்ப்பார்கள். சேர்ந்த அந்த 11 ரூபாயும் இனி உங்கள் இருப்பு. அடுத்த நாளிலிருந்து அதற்கும் வட்டி உண்டு. வட்டிக்கு வட்டி என்பது இதுதான். சிறிய தொகையில், குறைந்த நாளில் அதன் வேகம் தெரியாது. பெரிய தொகையை அசையாமல் விட்டால் தெரியும். பத்தாயிரம் ரூபாயை 6 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், முடிவில் 13,469 ரூபாய் கிடைக்கும். வட்டிக்கு வட்டி இல்லாவிட்டால் 13,000தான். கூடுதலாக வந்த 469 ரூபாய், வட்டி ஈட்டிய வட்டி.

சேமிப்புக் கணக்குக்கு இரண்டரை, ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு ஆறு. ஏன் இந்த வித்தியாசம்? சேமிப்புக் கணக்கில் இருக்கிற பணத்தை நீங்கள் இன்று மத்தியானமே வந்து கேட்கலாம். அதை நம்பி வங்கி ஒருவருக்கு ஐந்து வருஷக் கடன் கொடுப்பது சிரமம். ஐந்து வருஷம் எடுக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டால், அந்தப் பணத்தை வைத்து வங்கி தைரியமாகத் திட்டமிடலாம். நீங்கள் கொடுக்கிற கால அவகாசத்துக்குத்தான் அந்தக் கூடுதல் வட்டி. இடையில் அவசரமாகத் தேவைப்பட்டால் பெரும்பாலும் முறித்து எடுக்கலாம், ஆனால் பணம் வங்கியில் இருந்த காலத்துக்குரிய குறைந்த வட்டிதான் தருவார்கள், அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேமிப்புக் கணக்கு உங்களைப் பணக்காரர் ஆக்காது. விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதத்தை ஒட்டி உயர வேண்டும் என்பதுதான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற இலக்கே. இன்று 40 ரூபாய் விற்கிற நோட்டு அந்த வேகத்தில் அடுத்த வருஷம் 41 ரூபாய் 60 பைசா ஆகும். சேமிப்புக் கணக்கில் போட்ட 40 ரூபாயோ 41 ரூபாய்தான் ஆகியிருக்கும். அறுபது பைசா துண்டு விழுகிறது. ஆகவே நாலைந்து மாதத்துக்குள் தேவைப்படும் பணத்துக்குச் சேமிப்புக் கணக்கு சரி. வருஷக்கணக்கில் தேவைப்படாத பணத்தை நிலை வைப்பில் போடுவது மேல். அப்பாவுடைய சட்டைப் பையிலோ அரிசி டப்பாவிலோ இருந்தால் அந்த 40 ரூபாய் 40 ரூபாயாகவே இருக்கும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால்?

மூன்றாம் வரிசையில் ஒரு பாப்பா கேட்டாள்: "சார், பணத்தை எல்லாம் கடன் கொடுத்துட்டா, எல்லாரும் ஒரே நாள்ல வந்து கேட்டா எப்படிக் குடுப்பாங்க?"

கொடுக்க முடியாது. இதுதான் வங்கித் தொழிலின் பலவீனம். சாதாரண நாளில் நூறு பேர் போடுவார்கள், நூறு பேர் எடுப்பார்கள், சக்கரம் ஓடும். நம்பிக்கை போனால் ஓடாது.

நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. அர்பத்நாட் கம்பெனி என்று ஆங்கிலேயர் நடத்திய பெரிய நிறுவனம் ஒன்று இருந்தது. வியாபாரத்தோடு சேர்த்து மக்களிடம் வைப்புத்தொகையும் வாங்கி நல்ல வட்டி கொடுத்துவந்தது. அதிகாரிகள், ஓய்வூதியக்காரர்கள், விதவைகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அதில் போட்டிருந்தார்கள். மக்கள் கொடுத்த பணம் அபாயமான முதலீடுகளில் போய்க் கரைந்தது. 1906 அக்டோபர் 22ஆம் தேதி கம்பெனி கதவை மூடிவிட்டது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். ஆனால் போட்டவர்கள் கைக்கு முழுப் பணம் வரவில்லை. அந்த வழக்கில் பாடுபட்ட வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும், நம்மவர்கள் பங்குதாரர்களாக இருக்கும் ஒரு வங்கி வேண்டும் என்று முயன்றார்கள். அப்படிப் பிறந்து, 1907 ஆகஸ்ட் 15ஆம் தேதி வேலையைத் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி.

பிறகு 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதன் பிறகு அரசு விழித்துக்கொண்டு, வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பீடு என்ற ஏற்பாட்டை 1962 ஜனவரி 1 முதல் கொண்டுவந்தது. ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை என்று ஆரம்பித்த அந்த உத்தரவாதம் படிப்படியாக உயர்ந்து, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ரூபாயாக இருக்கிறது. இதற்கு நீங்கள் எந்த விண்ணப்பமும் போட வேண்டாம். பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. ரிசர்வ் வங்கி ஒரு வங்கியை முடக்கி, பணம் எடுப்பதை நிறுத்திவைத்தால், 90 நாளுக்குள் இந்தக் காப்பீட்டுத் தொகையைக் கொடுக்க வேண்டும் என்பது 2021இல் வந்த சட்டத் திருத்தம்.

ஆனால் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 5 லட்சம் என்பது ஒருவருக்கு, ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து. ஒரு பெரியவர் ஒரே வங்கியின் ஒரு கிளையில் 4,80,000 ரூபாய் டெபாசிட்டும் இன்னொரு கிளையில் 40,000 ரூபாய் சேமிப்பும் வைத்திருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். மொத்தம் 5,20,000. காப்பீடு 5 லட்சம் மட்டும். மீதி 20,000, வங்கியின் சொத்தை விற்றுத் தேறினால் உண்டு. அதே 40,000 வேறொரு வங்கியில் இருந்திருந்தால் முழுக்கக் காப்பீடு கிடைத்திருக்கும்.

இதில் சேராத இடங்களும் உண்டு. ஊர்ப்புறத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை. சீட்டுக்கும் இல்லை, நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்துக்கும் இல்லை. தபால் அலுவலகச் சேமிப்பு வேறு வகை, அதற்கு மத்திய அரசே பொறுப்பு. யாராவது வந்து "மாசம் பத்து பெர்சன்ட் வட்டி தரோம்" என்று சொன்னால், இப்போது நாம் போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்குகிறவரே வருஷத்துக்கு 10 ரூபாய் கட்டும்போது, உங்களுக்கு மாதம் 10 ரூபாய் எங்கிருந்து வரும்? அடுத்து ஏமாறப் போகிறவர் கொண்டுவந்து கொடுக்கும் பணத்திலிருந்துதான் வரும். புதிதாகச் சேர ஆள் இல்லாத மாதத்தோடு கடை மூடிவிடும்.

திருடனுக்குத் தேவை உங்கள் உத்தரவு

இனிப் பாதுகாப்பு. பாஸ்புக்கில் இருப்பது நோட்டு இல்லை, வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன் என்று பார்த்தோம். அப்படியானால் அதைத் திருடுவதற்குப் பூட்டை உடைக்கத் தேவையில்லை. "என் கடனை இவருக்குக் கொடுத்துவிடு" என்று நீங்கள் வங்கிக்கு உத்தரவு போட்டால் போதும், வங்கி கீழ்ப்படியும். அந்தக் காலத்தில் உத்தரவு என்பது பணம் எடுக்கும் படிவத்தில் போடும் கையெழுத்து. கிளார்க் அதைக் கணக்குத் தொடங்கியபோது வாங்கிய மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இன்று ஏ.டி.எம். பின் நம்பர், போனுக்கு வரும் ஓ.டி.பி., ஜி-பே, போன்-பே போன்றவற்றில் போடும் யு.பி.ஐ. பின், எல்லாமே கையெழுத்துதான். ஒப்பிட்டுப் பார்க்க நடுவில் ஆள் மட்டும் இல்லை.

ஆகவே மோசடிக்காரர் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. உங்கள் கையெழுத்தைத் தானே தெரிந்துகொள்வது, அல்லது உங்கள் கையாலேயே அதைப் போட வைப்பது.

இரண்டாவது வகைக்கு ஓர் உதாரணம். வீட்டில் பழைய மேசை ஒன்றை விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள், விலை 5,000. ஒருவர் போன் செய்து, பேரமே பேசாமல் ஒப்புக்கொள்கிறார். "நான் இப்ப வெளியூர்ல இருக்கேன்க்கா, பணத்தை உடனே அனுப்பிடறேன். ஒரு கியூ.ஆர். கோடு வாட்ஸ்அப்ல வரும், ஸ்கேன் பண்ணி உங்க பின்னைப் போடுங்க, பணம் ஏறிடும்." அக்கா ஸ்கேன் செய்கிறார். திரையில் 5,000 என்று தெரிகிறது. அவர் சொன்ன தொகையேதான். பின்னைப் போடுகிறார். 5,000 ரூபாய் அக்காவின் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

திரையை நிதானமாகப் பார்த்திருந்தால் மூன்று இடத்தில் தெரிந்திருக்கும். தொகைக்கு மேலே யாருக்குப் பணம் போகிறது என்று ஒரு பெயர் இருக்கும், அது அக்காவின் பெயர் அல்ல. எந்த வங்கிக் கணக்கிலிருந்து என்று அக்காவின் கணக்கே கீழே காட்டும். பொத்தானில் 'செலுத்து' என்று பொருள்படும் சொல் இருக்கும். பணம் வாங்குகிறவர் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின்னும் போட வேண்டாம். கடைக்காரர் தன் கியூ.ஆர். அட்டையை மாட்டிவிட்டுச் சும்மா நிற்கிறார், பணம் அவருக்கு வந்து சேர்கிறது இல்லையா? பின் போடுவது பணம் கொடுக்கிறவர்தான். இருப்பு பார்க்கவும் பின் கேட்கும் என்பது உண்மை. ஆனால் பணம் பெறுவதற்குக் கேட்காது. இந்த ஒரு வரியை இன்று ராத்திரி வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

முதல் வகையில், "பேங்க்ல இருந்து பேசறேன், உங்க கார்டு பிளாக் ஆகப் போகுது, இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று கேட்பார்கள். வந்தது ஓ.டி.பி. அதே குறுஞ்செய்தியில் எவ்வளவு தொகைக்கு, எதற்காக என்று எழுதியிருக்கும். அவசரப்படுத்துவதே அந்த வரியை நீங்கள் படிக்கக்கூடாது என்பதற்காகத்தான். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு வாடிக்கையாளரிடமும் பின் நம்பரைக் கேட்கும் தேவை எனக்கு வந்ததில்லை. வங்கிக்கு அது வேண்டாம். வந்த லிங்க்கை அமுக்காதீர்கள். இந்திய வங்கிகளின் இணைய முகவரிகளை .bank.in என்று முடியும்படி ரிசர்வ் வங்கி மாற்றச் சொன்னது. தேவையானால் நீங்களே அதைத் தட்டச்சு செய்து போங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிக்கிக்கொள்கிற வலை இன்னொன்று இருக்கிறது. "உன் அக்கவுன்ட்டுக்கு கொஞ்சம் பணம் வரும்டா, எடுத்துக் குடு, உனக்கு ஆயிரம் தரேன்" என்று ஓர் அண்ணன் கேட்பார். ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் சேர்த்துக் கேட்பார். வரும் பணம் யாரிடமிருந்தோ ஏமாற்றிப் பறித்தது. போலீஸ் அந்தப் பணத்தின் தடம் பிடித்து வரும்போது முதலில் கிடைக்கிற பெயர் உங்களுடையது. கணக்கு முடக்கப்படும், வழக்கு உங்கள் மேல் வரும். கணக்கை யாருக்கும் இரவல் கொடுக்கக்கூடாது, நெருங்கிய நண்பனுக்கும்கூட.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

திட்டுவார்கள் என்று பயந்து மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். வங்கிக்கும் சொல்ல வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். ஏன் உடனே என்றால், திருடிய பணம் ஒரே கணக்கில் நிற்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று தாவி, கடைசியில் ஏ.டி.எம்.மில் ரொக்கமாக வெளியே போகும். ரொக்கமாவதற்குள் தகவல் போனால் வழியில் எங்காவது நிறுத்திவைக்க முடியும். அதற்குப் பிறகு கஷ்டம்.

சட்டத்தில் உங்களுக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட விதிப்படி, உங்கள் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல், வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலைநாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை. நீங்களே ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தால், புகார் செய்கிற நிமிஷம் வரை போன பணம் உங்கள் நஷ்டம். அதற்குப் பிறகு போனால் அது வங்கியின் பொறுப்பு. இரண்டிலுமே கடிகாரம்தான் பேசுகிறது.

திருட்டே நடக்காவிட்டாலும் பணத்தை மறந்துவிடுவதும் ஆபத்துதான். நீங்களாகப் போடுவதும் எடுப்பதும் எதுவும் இல்லாமல் இரண்டு வருஷம் கிடந்தால் கணக்கு செயலற்றதாகிவிடும். அடையாளச் சான்று கொடுத்து மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். பத்து வருஷம் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதி ஒன்றுக்குப் போய்விடும். உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும், ஆனால் அலைய வேண்டும். உதவித்தொகைக்காகப் பள்ளியில் தொடங்கிய கணக்குகள் இப்படி முடங்குவதைக் கிளையில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதானதும் புதிய கையெழுத்தைப் பதிவு செய்ய மறந்தவர்களும் இதே வரிசையில் நிற்பார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலிருக்கும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பெரியவர்களோடு கிளைக்குப் போய், விட்டுப்போன பதிவுகளை அச்சிடுங்கள். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத செலவு ஒன்று இருந்தால் அங்கேயே கவுன்ட்டரில் கேளுங்கள். நாமினி பெயர் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பின் நம்பரை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுத வேண்டிய எண் ஒன்றுதான்: 1930.